ஐந்து எப்படி ஆறரை ஆனது?

பனித்தளத்தின் மேல் ஒரு ரப்பர் வட்டு நேர் கிழக்காக, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. அதன் பாதையை ஒட்டி அதே அளவும் அதே எடையும் கொண்ட இன்னொரு வட்டு அசையாமல் கிடக்கிறது. முதல் வட்டு இதன் நடுவில் போய் இடிக்கவில்லை. சற்று வடக்கே ஒதுங்கி வந்து, ஓரத்தோடு ஓரமாக மோதுகிறது. மோதியதும் முதல் வட்டு தன் பழைய பாதையிலிருந்து வடக்குப் பக்கம் 35 பாகை விலகி நொடிக்கு 3.59 மீட்டர் வேகத்தில் செல்கிறது. சும்மா கிடந்த வட்டு தெற்குப் பக்கம் 45 பாகை சாய்ந்து நொடிக்கு 2.91 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது.

இப்போது இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாருங்கள். 3.59, 2.91, மொத்தம் 6.50. மோதலுக்கு முன் இருந்ததோ 5 மட்டும். எடைகள் மாறவில்லை, வெளியிலிருந்து யாரும் தள்ளவுமில்லை. உந்தம் அழியாது, புதிதாகப் பிறக்கவும் பிறக்காது என்று பள்ளியில் படித்தது பொய்யா?

பொய்யில்லை. கூட்டிய விதம்தான் தவறு. அதைச் சரியாகக் கூட்டும் முறை மிக எளியது. ஆனால் அது ஏன் சரி என்று புரிந்துகொள்வதில்தான் சுவை இருக்கிறது.

முதலில் அந்த வட்டைப் பற்றிக் கொஞ்சம். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாகப் பயன்படும் இதை 'பக்' என்கிறார்கள். கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய ரப்பரால் ஆனது. குறுக்களவு 7.62 சென்டிமீட்டர், கனம் 2.54 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம் வரை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1875 மார்ச் 3-ஆம் தேதி அரங்குக்குள் நடந்த புகழ்பெற்ற ஆட்டத்தில் தட்டையான மரவட்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ரப்பர் பிறகு வந்தது. பெரிய ஆட்டங்களுக்கு முன்பு பக்குகளைக் குளிரூட்டிப் பெட்டியில் வைத்து உறைய விடுகிறார்கள். குளிர்ந்த ரப்பர் குறைவாகத் துள்ளும், தளத்தோடு ஒட்டிப் போகும். இந்தச் செய்தி நம் கணக்குக்குப் பின்னால் உதவும்.

ஆட்டத்தில் ஒரே ஒரு பக்தான் களத்தில் இருக்கும். ஆனால் பயிற்சி நேரத்தில் பத்துப் பதினைந்து பக்குகள் பனியின் மேல் சிதறிக் கிடக்கும். ஒன்றை அடிக்கும்போது அது இன்னொன்றின் ஓரத்தில் தட்டிவிட்டுப் போவது சாதாரணம். நாம் எடுத்துக்கொண்ட மோதலும் அப்படிப்பட்டதுதான். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. இரண்டு பக்குகளுக்கும் 165 கிராம் எடை என்று கொள்வோம்.

உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. வேகம் என்று சொல்லாமல் திசைவேகம் என்று சொல்வதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கிழக்கே 5 மீட்டர் வேகத்தில் செல்லும் பக்கும் வடக்கே 5 மீட்டர் வேகத்தில் செல்லும் பக்கும் ஒரே வேகம் கொண்டவை. ஆனால் அவற்றின் உந்தங்கள் வேறு வேறு. எதிரெதிராக ஒரே வேகத்தில் வரும் இரண்டு பக்குகளின் மொத்த உந்தம் சுழி. வேகத்தை மட்டும் கூட்டினால் இது கண்ணில் படாது.

பெரிய அறிஞர்களே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 1644-இல் வெளியான தம் நூலில் ரெனே தெக்கார்த் மோதலுக்கு ஏழு விதிகளை எழுதினார். உலகில் இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்ற அடிப்படையான எண்ணம் அவருடையதுதான், அது மகத்தான எண்ணம். ஆனால் அந்த அளவை அவர் பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி, திசையைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்தார். விளைவு, சிறிய பொருள் ஒன்று ஓய்வில் இருக்கும் பெரிய பொருளில் எவ்வளவு வேகமாக மோதினாலும் பெரியது துளியும் நகராது என்று அவர் விதி சொன்னது. ஒரு குழந்தைகூடச் செய்து பார்த்து மறுக்கக்கூடிய முடிவு அது. லண்டனின் ராயல் சொசைட்டி 1668-இல் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மூவரிடமும் கருத்துக் கேட்டது. மூவரின் விடைகளும் சில மாதங்களுக்குள் வந்து சேர்ந்தன. மோதலில் இயக்கத்தின் அளவு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். எதிர்த்திசையில் செல்வதைக் கழித்துக்கொண்டால்தான் மாறாமல் நிற்கும் என்பதை ஹைகன்ஸ் 1669-இல் தெளிவாக வெளியிட்டார். ஐந்து ஆறரையாக மாறிய நம் புதிருக்கான விடை அந்தக் கழித்தலில் இருக்கிறது.

ஹைகன்ஸின் கழித்தல் ஒரே கோட்டில் நடக்கும் மோதலுக்கு உடனே பொருந்தும். நம் பக்குகளோ தளம் முழுவதும் விரிந்து ஓடுகின்றன. வடகிழக்கே போவதிலிருந்து தென்கிழக்கே போவதை எப்படிக் கழிப்பது? இங்கேதான் இரண்டு அச்சுகள் வருகின்றன. ஒவ்வொரு பக்கின் திசைவேகத்தையும் இரண்டு கூறுகளாகப் பிரிக்கிறோம். கிழக்கு நோக்கி அது ஒரு நொடியில் எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்பது ஒரு கூறு. வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ எவ்வளவு நகர்கிறது என்பது மற்றொன்று. கிழக்குக் கூறுகளைத் தனியாகக் கூட்ட வேண்டும், வடக்கு தெற்குக் கூறுகளைத் தனியாகக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

ஏன் கலக்கக் கூடாது, ஏன் ஒவ்வொன்றும் தனியாக மாறாமல் நிற்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மோதும் கணத்தில் இரண்டு பக்குகளும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. முதல் பக் இரண்டாவதைத் தென்கிழக்கே தள்ளினால், இரண்டாவது முதலாவதை அதே விசையோடு வடமேற்கே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி இது. இந்தத் தள்ளலையும் கிழக்கு, தெற்கு என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது பக் கிழக்கே எவ்வளவு தள்ளப்படுகிறதோ, சரியாக அவ்வளவே முதலாவது மேற்கே தள்ளப்படுகிறது. இரண்டாவது தெற்கே எவ்வளவு தள்ளப்படுகிறதோ, அவ்வளவே முதலாவது வடக்கே தள்ளப்படுகிறது. தள்ளும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே கிழக்கு உந்தத்தில் ஒன்று இழந்தது முழுவதும் மற்றொன்றுக்குப் போய்ச் சேருகிறது. வடக்கில் ஒன்று பெற்றதற்கு ஈடாக மற்றொன்று தெற்கில் பெறுகிறது. வடக்கே தள்ளும் தள்ளல் ஒரு பொருளின் கிழக்கு நோக்கிய ஓட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அதனால்தான் இரண்டு அச்சுகளுக்கும் தனித்தனிக் கணக்கு.

இந்த வாதம் பொருந்த வேண்டுமென்றால் வெளியிலிருந்து வேறு தள்ளல் இருக்கக் கூடாது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, பனி அதை மேல்நோக்கித் தாங்குகிறது, அவை இரண்டும் சரிக்குச் சரி. மிஞ்சுவது பனியின் உராய்வு. அதைத் தாராளமாகவே, எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் பக்கின் மேல் அது 0.16 நியூட்டன்தான். மோதலின்போது பக்குகள் ஒன்றையொன்று தள்ளும் விசையோ வேறு அளவுடையது. அவை ஒட்டியிருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், நம் எண்களுக்குச் சராசரி விசை ஏறக்குறைய 480 நியூட்டன் வருகிறது. ஐம்பது கிலோ எடையைத் தூக்கத் தேவையான விசை! அதற்கு முன் உராய்வு மூவாயிரத்தில் ஒரு பங்கு. மோதல் நடக்கும் அந்தக் கணத்தில் பனியின் உராய்வு இருப்பதே தெரியாது. மோதல் முடிந்த பிறகு அதே உராய்வு தன் வேலையைக் காட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இனிக் கணக்கு. மேலே நின்று படம் எடுத்திருக்கிறோம், மோதலுக்குப் பின் இரண்டு பக்குகளும் எந்தத் திசையில் போகின்றன என்று கோணமானியால் அளந்துவிட்டோம். வேகங்கள் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கின் புதிய வேகம் v₁, இரண்டாவதன் வேகம் v₂. கிழக்குக் கூறு கொசைனாலும், வடக்கு தெற்குக் கூறு சைனாலும் கிடைக்கும். நிறைகள் சமம் என்பதால் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும்.

கிழக்கு: v₁ cos 35° + v₂ cos 45° = 5

வடக்கு: v₁ sin 35° − v₂ sin 45° = 0

இரண்டாவது வரியின் வலப்பக்கம் ஏன் சுழி? மோதலுக்கு முன் எந்தப் பக்கும் வடக்கிலோ தெற்கிலோ நகரவில்லை. முதல் பக்கின் பாதையையே ஓர் அச்சாக எடுத்துக்கொண்டதால் கிடைத்த வசதி இது. அச்சை வேறு எப்படித் திருப்பி வைத்தாலும் விடை மாறாது, கணக்குதான் நீளும். கழித்தல் குறி இரண்டாவது பக் தெற்கே போவதால் வந்தது. மாணவர்கள் அதிகமாக வழுக்குவது இந்தக் குறியில்தான். இங்கே கூட்டல் போட்டுவிட்டால், ஒரு பக்கின் வேகம் எதிர்க்குறியோடு வந்து நிற்கும். வேகம் எதிர்க்குறியில் வந்தாலே குறியைச் சரிபார்க்க வேண்டும் என்று பொருள்.

இரண்டாவது வரியிலிருந்து தொடங்குவது எளிது. sin 35° என்பது 0.574, sin 45° என்பது 0.707. ஆகவே v₁ என்பது v₂-ஐப் போல் 1.233 மடங்கு. இதை முதல் வரியில் போட்டால் v₂-இன் மடங்கு 1.717 ஆகச் சேருகிறது. 5-ஐ அதனால் வகுத்தால் v₂ நொடிக்கு 2.91 மீட்டர். அதை 1.233-ஆல் பெருக்கினால் v₁ நொடிக்கு 3.59 மீட்டர். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வேகங்கள் இவைதான்.

இப்போது ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கின் 3.59-இல் கிழக்குப் பங்கு 2.94, வடக்குப் பங்கு 2.06. இரண்டாவது பக்கின் 2.91-இல் கிழக்குப் பங்கு 2.06, தெற்குப் பங்கு 2.06. கிழக்கில் 2.94-உம் 2.06-உம் சேர்ந்து 5.00. வடக்கே 2.06, தெற்கே 2.06, கழித்தால் சுழி. ஒரு துளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆறரை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிந்துவிடும். வடக்கிலும் தெற்கிலும் ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டிய ஓட்டங்களை நாம் இரண்டு வேகங்களுக்குள்ளும் சேர்த்து எண்ணிவிட்டோம்.

இந்தப் பிரிப்பிலிருந்து இன்னொன்றும் வெளிப்படுகிறது. முதல் பக்கின் கிழக்கு ஓட்டம் 5-இலிருந்து 2.94-க்குக் குறைந்தது, அதாவது 2.06 போயிற்று. வடக்கில் புதிதாகக் கிடைத்ததும் 2.06. ஆக அது மேற்கே எவ்வளவு தள்ளப்பட்டதோ அவ்வளவே வடக்கேயும் தள்ளப்பட்டிருக்கிறது. தள்ளலின் திசை சரியாக வடமேற்கு. இரண்டு பக்குகளின் மையங்களையும் இணைக்கும் கோடு மோதும் கணத்தில் எந்தத் திசையில் கிடந்தது என்பதை இது சொல்லிவிடுகிறது. வழவழப்பான விளிம்புகள் ஒன்றையொன்று அந்தக் கோட்டின் வழியாக மட்டுமே தள்ள முடியும். கோடு 45 பாகையில் கிடந்தால், முதல் பக்கின் பாதை இரண்டாவதன் மையத்திலிருந்து 5.4 சென்டிமீட்டர் வடக்கே விலகியிருந்தது என்று பொருள். விலகல் சுழியானால் நேர் மோதல், 7.62 சென்டிமீட்டரைத் தாண்டினால் தொடாமலே போய்விடும். ஒரு பக் எந்தத் திசையில் கிளம்பியது என்பதைப் பார்த்தே மற்றது எங்கே தொட்டது என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்ல முடிவதை நான் இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

கேரம் ஆடியவர்களுக்கு இது கைக்குப் பழகிய அறிவு. காயை எந்தப் பையில் தள்ள வேண்டுமோ அந்தத் திசைக்கு நேர் எதிரே, காயின் மறுபக்க விளிம்பில் ஸ்ட்ரைக்கர் தொட வேண்டும். தொட்ட இடத்திலிருந்து மையத்தை நோக்கி இழுத்த கோடே காயின் பாதை. பக்குக்கும் கேரத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் ஐந்து கிராமுக்குச் சற்று மேல். இப்படிக் கனமான ஒன்று தன்னில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள, ஓய்வில் இருக்கும் ஒற்றைக் காயில் மோதினால், எங்கே எப்படித் தொட்டாலும் அதன் பாதை ஏறக்குறைய 21 பாகைக்கு மேல் திரும்பவே முடியாது. சம எடையுள்ள பக்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உந்தக் கணக்கும் ஆற்றல் கணக்கும் சேர்ந்து போடும் எல்லை இது.

ஆற்றல் என்ற சொல் வந்துவிட்டது. நம் பக்குகளின் கணக்கில் இதுவரை ஆற்றலைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் தொடவில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; அதற்குத் திசை இல்லை, அதை அச்சுவாரியாகப் பிரித்துச் சமன்பாடு எழுத முடியாது. மோதலுக்கு முன் இருமடி 25. பின்பு 3.59-இன் இருமடி 12.89, 2.91-இன் இருமடி 8.48, சேர்த்து 21.37. ஏழில் ஒரு பங்கு காணவில்லை. நிறையைச் சேர்த்துக் கணக்கிட்டால் 2.06 ஜூலில் 0.30 ஜூல் போய்விட்டது. ரப்பர் நசுங்கி விரிந்தபோது சூடாகவும், 'டக்' என்ற ஒலியாகவும் போன ஆற்றல் அது. உந்தம் முழுதாக இருக்கும்போதே ஆற்றல் இப்படிக் குறையலாம். இரண்டும் ஒன்றாகவே நிற்கும் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நேரும் பிழை.

அந்தப் பிழை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரும். சம எடையுள்ள இரண்டு பொருள்களில் ஒன்று ஓய்வில் இருந்து, ஆற்றல் இழப்பே இல்லாமல் ஓரமாக மோதிக்கொண்டால், அவை பிரிந்து செல்லும் பாதைகளுக்கு இடையே சரியாக 90 பாகை இருக்கும். காரணம் எளியது. மூன்று திசைவேகங்களையும் ஒரு முக்கோணமாக வரைந்தால், உந்தக் கணக்கு அந்த முக்கோணத்தை மூடுகிறது. ஆற்றல் கணக்கு, பெரிய பக்கத்தின் இருமடி மற்ற இரண்டின் இருமடிகளின் கூட்டுத்தொகை என்கிறது. அப்படியானால் பைதகரஸ் சொன்னபடி அது செங்கோண முக்கோணம். அழகான முடிவுதான். ஆனால் இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லா மோதலுக்கும் 90 பாகையைப் போட்டுவிடுகிறார்கள். நம் பக்குகளின் பாதைகளுக்கு நடுவே இருப்பது 80 பாகை. அந்தப் பத்துப் பாகைக் குறைவு இழந்த ஆற்றலின் அடையாளம்.

இதிலிருந்து ஒரு கேள்வி எழும். தொட்ட இடம் அதேதான், வந்த வேகமும் அதேதான் என்றால், உந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முடியாது. இழப்பே இல்லாத ரப்பராக இருந்தால் இரண்டு பக்குகளும் இரு பக்கமும் 45 பாகை சாய்ந்து, தலா 3.54 மீட்டர் வேகத்தில் போகும். துள்ளலே இல்லாத, களிமண் போன்ற பொருளாக இருந்தால் இரண்டாவது பக் அதே 45 பாகையில் 1.77 மீட்டர் வேகத்தில் நகரும், முதலாவது 18 பாகை மட்டும் விலகி 3.95 மீட்டர் வேகத்தில் போகும். நம் பக்குகள் இரண்டுக்கும் நடுவில். மூன்று விடைகளையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். மூன்றிலும் கிழக்கில் 5 வரும், வடக்கில் சுழி வரும்.

காரணத்தை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். மோதலுக்குப் பின் தெரியாதவை நான்கு: இரண்டு வேகங்கள், இரண்டு திசைகள். உந்தம் தருவது இரண்டு சமன்பாடுகள். மீதி இரண்டு செய்திகள் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நாம் இரண்டு கோணங்களை அளந்து அந்தக் குறையை நிரப்பினோம். அளக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால், தொட்ட இடமும், பொருள் எவ்வளவு துள்ளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். துள்ளலை மீட்சியளிப்புக் குணகம் என்ற எண்ணால் குறிப்பார்கள். மையக் கோட்டின் வழியாகப் பிரியும் வேகத்தை, அதே கோட்டின் வழியாக நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது அது. நம் மோதலில் நெருங்கிய வேகம் 3.54, பிரிந்த வேகம் 2.29, குணகம் 0.65. உறைய வைத்த பக்குக்கும் வெதுவெதுப்பான பக்குக்கும் இந்த எண் வேறாக இருக்கும், ஆகவே கோணங்களும் வேறாக இருக்கும். உந்தத்தின் கூட்டுத்தொகை மட்டும் இரண்டிலும் ஒன்றே.

உண்மையான பனித்தளத்தில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில இடர்ப்பாடுகள் உண்டு. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசிக் கேமரா போதும். 5 மீட்டர் வேகத்தில் செல்லும் பக் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் நகரும். கேமரா நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் கோணங்கள் கோணிவிடும். அளவை மோதலுக்கு ஒட்டிய பத்துப் படங்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. முன்பு சொன்ன அந்த உராய்வு நொடிக்கு ஒரு மீட்டர் வரை வேகத்தைத் தின்னக்கூடியது. பத்துப் படங்களில் இழப்பு நொடிக்கு 0.04 மீட்டர்தான், அரை நொடி தாமதித்து அளந்தால் 0.5 மீட்டர் வரை குறைந்து, கிழக்குக் கணக்கில் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு உந்த விதியைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

இரண்டாவது இடர்ப்பாடு சுழற்சி. மட்டை நழுவாமல் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பக்கின் விளிம்பைச் சொரசொரப்பாகச் செய்திருப்பார்கள். ஓரமாக மோதும்போது அந்தச் சொரசொரப்பு மற்றதின் விளிம்பைப் பற்றி இழுத்து, இரண்டையும் சுழல வைக்கும். அப்போது தள்ளல் மையக் கோட்டிலிருந்து சற்றே விலகும், இரண்டாவது பக்கும் அந்தக் கோட்டை விட்டுச் சில பாகை தள்ளியே போகும். தொட்ட இடத்தைப் பற்றி நாம் செய்த கணிப்பு அந்த அளவுக்குப் பிசகும். ஆனால் கிழக்கு, வடக்குச் சமன்பாடுகள் இரண்டும் அசையாது. பற்றி இழுக்கும் விசையும் ஒன்றின் மேல் மற்றொன்று செலுத்துவதுதானே, அதற்கும் எதிர்விசை உண்டு.

படத்தைப் பார்த்த உடனேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மோதலுக்குப் பின் இரண்டு பக்குகளும் முதல் பக்கின் பழைய பாதைக்கு ஒரே பக்கமாகப் போவது போல் தெரிந்தால் எங்கோ தவறு இருக்கிறது. வடக்கே போனதை ஈடுசெய்யத் தெற்கே ஒன்று போயே ஆக வேண்டும். அப்படிப் போகவில்லை என்றால் கேமரா சாய்ந்திருக்கும், அல்லது இரண்டாவது பக் ஏற்கெனவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்திருக்கும், அல்லது அரங்கின் பக்கச் சுவரோ ஒருவரின் மட்டையோ அந்தக் கணத்தில் எதையாவது தொட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வெளித் தள்ளலை இப்படித் தேடிப் பிடிக்கும் முறை, பக்குகளைவிடப் பல கோடி மடங்கு சிறிய பொருள்களிடமும் வெற்றி கண்டிருக்கிறது. 1920-களில் கேம்பிரிட்ஜின் கேவென்டிஷ் ஆய்வகத்தில் பேட்ரிக் பிளாக்கெட், முகிற்கலத்தில் ஆல்பா துகள்கள் பதித்துச் செல்லும் தடங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஆல்பா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கரு. அது ஓய்வில் இருக்கும் இன்னொரு ஹீலியம் அணுக்கருவில் மோதினால் எடைகள் சமம், ஆற்றல் இழப்பும் இல்லை. தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் 90 பாகை விழ வேண்டும். அப்படியே விழுந்தது. எடை வேறான அணுக்கருக்களில் கோணம் வேறாக வந்தது. கோணங்களை அளந்து, இரண்டு அச்சிலும் கணக்குப் போட்டு, மோதியது எது என்று சொல்ல முடிந்தது.

பிறகு நைட்ரஜனை நிரப்பி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றில் ஏறக்குறைய நான்கு லட்சம் தடங்கள். எட்டே எட்டு இடங்களில் மட்டும் பிரிந்த தடங்களின் கோணங்கள் சாதாரண மோதலுக்குப் பொருந்தவில்லை. ஆல்பா துகள் நைட்ரஜனைத் தாக்கி ஒரு புரோட்டானை வெளியேற்றுகிறது என்பது அதற்கு முன்பே தெரியும். தாக்கிய ஆல்பா பிறகு என்ன ஆகிறது என்பது தெரியாது. அது தனியே தப்பிப் போனால் மூன்று தடங்கள் தெரிய வேண்டும். படத்தில் இருந்தவை இரண்டுதான். மூன்றாவது தடம் கண்ணுக்குப் படாமல் போயிருக்கலாமே என்ற ஐயத்துக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு மோதலையும் ஒரே நேரத்தில் இரண்டு கோணங்களிலிருந்து படமெடுத்திருந்ததால், தடங்கள் வெளியில் எப்படிக் கிடந்தன என்பதைப் பிளாக்கெட் மீட்டெடுக்க முடிந்தது. வந்த தடமும் பிரிந்த இரண்டு தடங்களும் ஒரே தளத்தில் கிடந்தன. மூன்றாவது துகள் ஒன்று தன் போக்கில் பறந்து போயிருந்தால், அந்தத் தளத்துக்குக் குறுக்கான மூன்றாவது அச்சில் அது கொண்டுபோன உந்தத்தை ஈடுசெய்ய மற்ற இரண்டும் தளத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். அவை விலகவில்லை. ஆல்பா துகள் நைட்ரஜனுக்குள்ளேயே தங்கி, அதை ஆக்சிஜனாக மாற்றிவிட்டது என்று 1925-இல் அவர் அறிவித்தார்.